கல்லீரல் அல்ல, தசை

வாசலில் கோலத்தை முடித்துவிட்டு எழப் பார்த்தார். தொடை ஒத்துழைக்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் முழங்காலை அழுத்தி, கடைசியில் கம்பிக் கதவைப் பிடித்துத்தான் நிமிர முடிந்தது. வயது 46. தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மூட்டு தேய்ந்திருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். மூட்டில் வலியே இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் தைலம் தேய்த்துக்கொண்டார்.

இவர் ஒருவரல்லர். எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு இதே கதையோடு வந்த பலரின் சாயலைச் சேர்த்து ஒருவராக எழுதுகிறேன். அவர்களில் பெரும்பாலோர் எங்களிடம் வருவதற்கு முன்பு சில மாதங்களை வேறு எங்கோ தொலைத்திருப்பார்கள். எங்கே தொலைத்தார்கள் என்பதில்தான் இந்த நோயைப் புரிந்துகொள்ளும் வழியும் இருக்கிறது.

“தலை வாரிக்கிறீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“சீப்பைப் பிடிக்க முடியுது டாக்டர். கையத் தூக்கி உச்சிக்குக் கொண்டுபோறதுக்குள்ள அசந்துபோயிடுது. இப்பல்லாம் பொண்ணுதான் பின்னி விடுறா.”

“கடையில பொட்டலம் கட்டுறது?”

“அது நல்லாக் கட்டுறேன். நூல் சுத்துறது, காசு எண்ணுறது எதுலயும் குறையில்ல. மேல்தட்டுல இருக்கிற டப்பாவத்தான் எடுக்க முடியல.”

இந்தப் பதிலில் பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது. விரலும் மணிக்கட்டும் வலுவாக இருக்கின்றன. தோளும் இடுப்பும் சோர்ந்திருக்கின்றன. உடலின் நடுப்பகுதியை ஒட்டிய பெரிய தசைகள் இரண்டு பக்கமும் ஒரேபோலத் தளர்ந்தால், பெரும்பாலும் கோளாறு தசையிலேயே இருக்கிறது என்று பொருள். நரம்பு கெட்டால் பொதுவாக நேர்மாறாக நடக்கும். நீளமான நரம்புகளின் நுனி முதலில் பாதிக்கப்படுவதால் பாதம் மரத்துப்போகும், செருப்பு காலிலிருந்து நழுவும், சட்டைப் பொத்தான் போட வராது. இந்த அம்மாவுக்கு மரமரப்பு கிடையாது, எரிச்சல் கிடையாது. டவுன் பஸ்ஸின் முதல் படி ஏறுவது மலையாகிவிட்டது, அவ்வளவுதான். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியாததை மூன்றாம் முறை கேட்டபிறகுதான், மகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்.

இன்னொரு வேறுபாட்டையும் கேட்டுத் தெளிய வேண்டும். ‘அசதி’ என்று வருகிறவர்களில் பலருக்கு வேலை செய்ய மனமோ தெம்போ இருக்காது. ஆனால் தரையில் உட்காரச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துவிடுவார்கள். தசை நோய்க்காரருக்கு மனம் இருக்கும், எழ வராது. படுக்கவைத்து, தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். மோவாய் நெஞ்சை நோக்கி அரை அங்குலம் வந்து விழுந்தது. கழுத்தின் முன்பக்கத் தசை இப்படித் தளர்வதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அது நமக்கு உதவும்.

அவர் கொண்டுவந்த கோப்பு கனமாக இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன்பு, அசதிக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 190, எஸ்.ஜி.பி.டி. 150 என்று வந்திருந்தது. இரண்டும் ஏறக்குறைய 40-க்குள் இருக்க வேண்டியவை. அறிக்கையின் தலைப்பிலேயே ‘கல்லீரல் பரிசோதனை’ என்று அச்சிட்டிருந்ததால் கல்லீரல் கோளாறு என்று முடிவாகிவிட்டது. ஸ்கேனில் லேசான கொழுப்பு படிந்த கல்லீரல் வேறு. இன்று நடுவயதில் பாதிப் பேருக்கு ஸ்கேன் எடுத்தால் அதைச் சொல்லும் போலிருக்கிறது. எண்ணெயை நிறுத்தினார், மீனை நிறுத்தினார், தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். எண்கள் இறங்கவில்லை. இறங்காததால் கல்லீரல் மாத்திரை மாற்றி எழுதப்பட்டது.

அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. தசையிலும் இருக்கின்றன. தசைநார் உடைந்தால் அவையும் ரத்தத்தில் கசியும். அதே தாளில் கல்லீரலை விடுவிக்கும் சாட்சிகள் இருந்தன: பிலிருபின் சரியாக இருந்தது, தசையில் இல்லாத ஜி.ஜி.டி. என்ற நொதியும் சரியாக இருந்தது. எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைவிட உயர்ந்திருந்ததும் தசையின் பக்கம் கை காட்டியது. இந்த நிலையில் கேட்க வேண்டிய ஒரே பரிசோதனை சி.பி.கே. எந்த ஊர் ஆய்வகத்திலும் செய்துவிடக் கூடியது. செய்தோம். 200-க்குள் இருக்க வேண்டியது, 6,200 இருந்தது.

சி.பி.கே. என்பது தசை உயிரணுவுக்குள் ஆற்றலைக் கைமாற்றிக் கொடுக்கும் நொதி. உயிரணுவின் சவ்வு கிழிந்தால்தான் இவ்வளவு வெளியே வரும். ஆனால் ஏன் கிழிந்தது என்பதை அது சொல்லாது. ஜிம்முக்குப் புதிதாகப் போனவருக்கும், தசையில் ஊசி போட்டுக்கொண்டவருக்கும்கூட அது ஏறும். தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் ஏறலாம். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும், அரிதாகச் சிலருக்கு நிறுத்தியபிறகும் உடல் தன் தசையைத் தாக்கிக்கொண்டே இருக்கும். பரம்பரைத் தசைச் சிதைவு நோய்களிலும் ஏறும். மறுபக்கம், வைட்டமின் டி மிகவும் குறைந்தவருக்கும் தரையிலிருந்து எழ முடியாது, அவருக்குச் சி.பி.கே. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இவர் ஸ்டாட்டின் சாப்பிட்டதில்லை. தைராய்டு, பொட்டாசியம் இரண்டும் சரியாக இருந்தன. குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லை. ஆறு மாதங்களுக்கு முன்புவரை அரிசி மூட்டையை இழுத்துப் போட்டவர்.

அப்போதுதான் கண்ணிமையைக் கவனித்தேன். மேலிமை இரண்டும் லேசாக வீங்கி, சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாக இருந்தன. விரல் முட்டிகளின் மேல் தடித்த, செதில் உதிரும் திட்டுகள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்கும் களிம்பு தடவியிருக்கிறார். மருத்துவப் புத்தகங்களில் இந்த இமைத்தடிப்பு ஊதாப்பூ நிறத்தில் பளிச்சென்று இருக்கும். படம் எடுக்கப்பட்ட தோல் வெள்ளைத் தோல். நம் நிறத்தில் அது தூக்கம் கெட்ட கருவளையம்போலத் தெரியும். பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

தசையும் தோலும் சேர்ந்து அழலும் இந்த நோய்க்கு டெர்மட்டோமயோசைடிஸ் என்று பெயர். 2022 அக்டோபரில் நடிகை சமந்தா தமக்கு மயோசைடிஸ் இருப்பதாக அறிவித்தபோது அந்தச் சொல் வீடுகளுக்குள் வந்தது. அது ஒரே நோயல்ல, ஒரு குடும்பம். தொற்றிலிருந்து நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் சொந்தத் தசையையே எதிரியாகக் கருதித் தாக்குவது அக்குடும்பத்தின் பொதுக் குணம். எந்த உறுப்பினர் என்பதைப் பொறுத்து நுரையீரல் பாதிக்குமா, எந்த மருந்து கேட்கும் என்பதெல்லாம் மாறும். ரத்தத்தில் சில எதிர்ப்புப் புரதங்களைத் தேடுவது இதற்காகத்தான்.

தோல் அடையாளம் ஐயத்துக்கு இடமின்றி இருந்தால் தசையை வெட்டிப் பார்க்காமலே சிகிச்சை தொடங்குபவர்கள் உண்டு. இவருக்கு அது மங்கலாக இருந்தது; ரத்தத்தில் தேடிய புரதங்களும் எதுவும் அகப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் சாப்பிடப்போகும் மருந்தை ஊகத்தின்மேல் தொடங்க எனக்கு மனமில்லை. தசைச் சிதைவு நோயை மயோசைடிஸ் என்று எண்ணி, பயனின்றி ஸ்டீராய்டு கொடுத்து உடம்பைக் கெடுத்த கதைகள் எங்கள் துறையில் குறைவில்லை.

முதலில் ஈ.எம்.ஜி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி, அங்கு நடக்கும் மின்னோட்டத்தைத் திரையில் பார்த்து, ஒலிபெருக்கியில் கேட்கும் பரிசோதனை. வலிக்கும், ஆனால் மின்சாரம் பாய்ச்சுவதாகப் பலர் பயப்படுகிறார்களே, ஊசி அப்படி எதையும் செய்வதில்லை, கேட்கத்தான் செய்கிறது. ஆரோக்கியமான தசை ஓய்வில் இருக்கும்போது ஊசி நின்ற இடத்தில் சத்தம் இருக்காது. இவர் தொடையைத் தளர்த்தி வைத்திருந்தபோதும் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல டப் டப்பென்று கேட்டுக்கொண்டிருந்தது. நரம்பின் பிடியிலிருந்து அறுபட்ட, எரிச்சலடைந்த தசைநார்கள் தாமாகத் துடிக்கும் ஒலி அது.

அடுத்து, மெதுவாகக் காலை நீட்டச் சொன்னார்கள். இங்கே நடப்பதைத் தேர் இழுப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஒரு நரம்பிழை ஒரு கங்காணி. அவன் குரல் கொடுத்தால் அவனுடைய ஆட்கள் நூறு பேர் ஒன்றாக வடம் இழுப்பார்கள். நரம்பு நோயில் கங்காணிகள் குறைந்துபோவார்கள். மிஞ்சியவர்கள் அநாதையான ஆட்களையும் சேர்த்துக்கொள்வதால் ஒவ்வொரு குழுவும் பெரிதாக இருக்கும், திரையில் அலை உயர்ந்து அகன்று வரும். தசை நோயில் கங்காணிகள் அத்தனை பேரும் இருப்பார்கள். ஒவ்வொருவரின் ஆட்களில் பாதி மயங்கிக் கிடப்பார்கள். அலை குட்டையாக, குறுகலாக வரும். தேர் ஓரடி நகரவே எல்லாக் கங்காணிகளும் ஒரே நேரத்தில் கூவ வேண்டியிருக்கும். இவர் காலை லேசாக அசைத்ததுமே திரை முழுக்கச் சின்னச் சின்ன அலைகள் நிரம்பிவிட்டன. நோய் தசையில்தான், அதுவும் இப்போது எரிந்துகொண்டிருக்கிறது என்பது உறுதியாயிற்று. என்ன நோய் என்பது ஈ.எம்.ஜி.க்குத் தெரியாது. சில பரம்பரை நோய்களிலும் அதே தூறல் கேட்கும்.

ஊசி குத்தியது வலது தொடையில். தசைத் துணுக்கை எடுத்தது இடது தொடையில். இது தற்செயல் அல்ல. ஊசி போன இடத்தில் ஏற்படும் சிறு காயம் நுண்ணோக்கியில் நோய்போலவே தெரிந்து ஏமாற்றும். எந்தத் தசையை வெட்டுவது என்பதிலும் கணக்கு உண்டு. முழுதாகச் சூம்பிப்போன தசையில் கொழுப்பும் தழும்பும்தான் கிடைக்கும். நல்ல வலுவோடு இருக்கும் தசையில் நோய் எட்டியிருக்காது. நடுத்தரமாகத் தளர்ந்த தசை வேண்டும். நோய் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்து, நீர் கோத்த இடத்தைப் பார்த்து வெட்டுவது நல்லது. அப்படியும் துணுக்கு தப்பான இடத்தில் விழுந்து, அறிக்கை சரியாக இருக்கிறது என்று வரலாம். அப்போது நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

அறுவையே சின்னதுதான். மரத்துப்போக ஊசி, சில சென்டிமீட்டர் கீறல், நாலைந்து தையல். காரியம் கெடுவது அதன்பிறகு. அறுவை அரங்கில் எந்தத் திசுவை எடுத்தாலும் ஃபார்மலின் பாட்டிலில் போடுவது கை பழகிய வழக்கம். தசைத் துணுக்கு முழுவதையும் அதில் போட்டால் முக்கியமான சாயப் பரிசோதனைகள் எதுவும் செய்ய முடியாது. உப்புநீரில் பிழிந்த துணியில் சுற்றி, ஈரம் காயாமல், ஆனால் நீரில் மிதக்கவிடாமல், குளிர்ச்சியாகச் சீக்கிரம் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஐசோபென்டேனில் நொடிகளில் உறையவைப்பார்கள். மெதுவாக உறைந்தால் உள்ளே பனிப்படிகம் உருவாகித் தசை சல்லடையாகிவிடும். இதற்கான ஏற்பாடு எல்லா ஊரிலும் இல்லை. எனவே தசை நோய்களைப் பார்த்துப் பழகிய ஆய்வகம் உள்ள மருத்துவமனையிலேயே வெட்டுவதும் நடந்தால் நல்லது.

இவருடைய அறிக்கையை விளக்கப் பொங்கல் நேரத்துக் கரும்புக் கட்டே போதும். கட்டின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். எல்லாக் கழியும் ஏறக்குறைய ஒரே பருமனில் வட்டம் வட்டமாகத் தெரியும். நல்ல தசையின் குறுக்குவெட்டும் அப்படித்தான். இவருடைய கட்டுகளில் நடுவிலிருந்த நார்கள் பருத்திருந்தன. ஓரத்து நார்கள் மட்டும் வரிசையாகச் சூம்பியிருந்தன. சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி வெள்ளணுக்கள் கூடியிருந்தன. ஓரம் மட்டும் சூம்பும் இந்தத் தோற்றம் டெர்மட்டோமயோசைடிஸின் கையெழுத்து. நுண்குழாய்கள் சேதமாவதும், வைரஸை எதிர்க்கச் சுரக்கும் இன்டர்ஃபெரான் காரணமின்றிச் சுரந்துகொண்டே இருப்பதும் இதற்குப் பின்னால் இருக்கின்றன.

நோய்க்குப் பெயர் கிடைத்தவுடன் இன்னொரு வேலை வந்து சேர்கிறது. வயது வந்தவர்களுக்கு வரும் டெர்மட்டோமயோசைடிஸ் சிலரிடம் உள்ளே ஒளிந்திருக்கும் புற்றுநோயின் முன்னறிவிப்பு. நோய் தொடங்கியதற்கு முன்னும் பின்னுமான மூன்று ஆண்டுகளில்தான் அந்த வாய்ப்பு அதிகம். மார்பு, வயிறு, கருப்பை, சினைப்பை, நுரையீரல் எல்லாவற்றையும் பார்த்தோம். எதுவும் இல்லை. அடுத்த ஆண்டும் பார்ப்போம் என்று சொல்லிவைத்தேன்.

சிகிச்சை என்பது எதிர்ப்பாற்றலை அடக்குவது. அடக்குவதற்கு முன் உள்ளே உறங்கும் காசநோய் இருக்கிறதா, மஞ்சள்காமாலை பி வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நம் ஊரில் இதைத் தவறவிடக் கூடாது. பிறகு பிரெட்னிசலோன், எடைக்கு ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில், இவருக்குத் தினமும் 60 மில்லிகிராம். விழுங்க முடியாதவர்களுக்கும் மூச்சுத் தசை தளர்ந்தவர்களுக்கும் ஊசிவழி ஸ்டீராய்டு மூன்று நாள் கொடுப்போம். கூடவே முதல் மாதத்திலிருந்தே மெத்தோட்ரெக்ஸேட். ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்யும், ஆனால் நீண்டநாள் தங்கினால் சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை என்று வாடகை கேட்கும். அதை வெளியேற்றத்தான் மெதுவாக வேலை செய்யும் இரண்டாவது மருந்து. இவை போதாதவர்களுக்குப் பலரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை நரம்புவழி ஏற்றலாம். 2022-இல் வெளியான ஆய்வில் டெர்மட்டோமயோசைடிஸ் உள்ள 95 பேரில், அதைப் பெற்றவர்களில் 79 விழுக்காட்டினரும், வெறும் கரைசல் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினரும் 16-ஆவது வாரத்தில் முன்னேற்றம் கண்டார்கள். பலன் இருக்கிறது, விலையும் கடுமை.

ஆறாவது வாரம் சி.பி.கே. 700-க்கு வந்தது. எழுவதில் பெரிய மாற்றமில்லை என்று அவர் வருத்தப்பட்டார். எண் முதலில் இறங்கும், பலம் பின்னால் வரும். எரிந்த வீட்டில் தீ அணைந்த மறுநாளே சமைக்க முடியாது. பத்தாவது வாரம் கதவைப் பிடிக்காமல் எழுந்தார். ஸ்டீராய்டை 30-க்குக் குறைக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாவது மாதம் வந்தவரைப் பார்த்தபோது முகம் உருண்டு, வயிறு பெருத்திருந்தது. மறுபடியும் படியேற முடியவில்லை. இடையில் ஒருமுறை சோர்வாக இருந்தபோது, நோய் திரும்பிவிட்டது என்று பயந்து, மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி 60 மில்லிகிராமையே மறுபடி சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். ஏழு வாரமாக. சாப்பிடச் சாப்பிடத் தொடை தளர்ந்திருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் மிகக் கடினமான கேள்வி இதுதான்: திரும்பியது நோயா, தளர்த்துவது மருந்தா? இரண்டும் அதே இடுப்பையும் தொடையையும்தான் பிடிக்கும். முடிவு தவறினால் வைத்தியம் தலைகீழாகும். நோய்க்கு மருந்தைக் கூட்ட வேண்டும், மருந்தால் வந்ததற்குக் குறைக்க வேண்டும். படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொன்னேன். தலை உறுதியாக நின்றது. ஸ்டீராய்டால் வரும் தளர்ச்சி கழுத்தின் முன்பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். சி.பி.கே. 95. இதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் டெர்மட்டோமயோசைடிஸ் எரிந்துகொண்டிருக்கும்போதே சி.பி.கே. சரியாக இருக்கும் சிலரும் உண்டு. இமையில் நிறம் இல்லை, முட்டியில் திட்டு இல்லை. ஈ.எம்.ஜி.யில் தூறல் நின்றிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் நீர் கோத்த இடம் எதுவும் இல்லை. ஆக, மருந்துதான். ஸ்டீராய்டு தசையை எரிப்பதில்லை, புரதத்தைக் கரைத்து இளைக்கவைக்கிறது.

குறைத்தோம். சட்டென்று நிறுத்தவில்லை, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும், ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாக இறக்கி, பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் கொடுத்தோம். முன்பெல்லாம் இந்த நோய்க்கு முழு ஓய்வு என்பார்கள். அளவான பயிற்சி தசையைக் கெடுப்பதில்லை, பலப்படுத்துகிறது என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. மூன்று மாதத்தில் படியேறினார். இன்று தினமும் 5 மில்லிகிராம் ஸ்டீராய்டும், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட்டும் தொடர்கின்றன. மருந்து முழுதாக நிற்குமா என்று கேட்பார். சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிறுத்தினால் திரும்பும். அவருக்கு எது என்று இப்போது சொல்ல முடியாது என்பேன்.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நோயிலும் மூட்டுவாதத்திலும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. இவருக்கு 15 மில்லிகிராம், அதாவது இரண்டரை மில்லிகிராம் மாத்திரை ஆறு, வியாழக்கிழமை இரவு. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கிவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்குப் போராடியவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. கருத்தரிக்க நினைப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை எழுதியிருந்தால், கிழமையின் பெயரைப் பேனாவால் அட்டையின் மேலேயே எழுதிவையுங்கள். சீட்டில் ‘தினமும்’ என்று இருந்தால், முதல் மாத்திரையைப் பிரிப்பதற்கு முன் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.